தவறாகச் சொன்ன பதிலை நன்றி மின்னஞ்சலில் திருத்தலாமா?

*வணக்கம் அம்மா. நேற்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்காளர் வேலைக்கு நேர்காணல். உரிமையாளரும் கணக்கு மேலாளரும் இருந்தார்கள். பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் வெள்ளி எவ்வளவு நாளில் திரும்பி வர வேண்டும் என்று மேலாளர் கேட்டார். “180 நாள், வராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும்” என்றேன். அவர் “சரி” என்று எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஏற்காடு பஸ் மலை ஏறும்போதுதான் அது வேறு விதி என்று உறைத்தது. இப்போது இருக்கும் ஜவுளி நிறுவனத்தில் சாயப்பட்டறைக்கு நூல் அனுப்பி வாங்கும் கணக்கை மூன்று வருடமாக நான்தான் எழுதுகிறேன். அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் முடிவு சொல்வார்களாம். நன்றி மின்னஞ்சலில் தவறைச் சொன்னால், அவர்கள் கவனிக்காததை நானே காட்டிக்கொடுத்ததுபோல ஆகாதா?*

*– வாசகி, ஏற்காடு*

அன்புள்ள வாசகிக்கு,

இத்தகைய மின்னஞ்சல் நேர்காணல் முடிந்த 24 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். அதனால் கீழே உள்ள வரைவை அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். அதை ஏன் அப்படி எழுதினேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். மேலாளர் கவனிக்கவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கொலுசு வியாபாரத்தில் வெள்ளி கடையிலேயே இருப்பதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், சலங்கை கோர்ப்பது ஓரிடம், பற்றவைப்பதும் மெருகேற்றுவதும் வேறிடம் என்று வீடு வீடாகச் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். அந்த வெள்ளி எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்பதுதான் அங்கே கணக்காளரின் அன்றாட வேலை. அதைக் கேட்டவருக்கு விடை தெரியாமல் இருக்காது. நேர்காணல் நடத்துபவர்களில் பெரும்பாலோர் தவறான பதிலைத் திருத்துவதில்லை. தலையாட்டிவிட்டு, தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பல ஆண்டுகளாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்; நானும் அப்படித்தான் செய்வேன். பதில் சரியாக இருந்தால் அதே விஷயத்தில் இன்னொரு கேள்வி வரும்: “ஒரு வருடம் தாண்டிவிட்டால் என்ன செய்வீர்கள்?”, “சேதாரத்தை எப்படி எழுதுவீர்கள்?” என்று தோண்டுவார்கள். உங்களிடம் தோண்டவில்லை. அவர் கவனித்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அப்படியானால் நீங்கள் எதையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அவர் தாளில் இருக்கும் குறிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு எழுத இடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒருவேளை உண்மையிலேயே கவனிக்காமல் விட்டிருந்தால்? அப்போதும் திருத்துவதே நல்லது. கணக்கு வேலையில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, யாரும் கேட்பதற்கு முன் வந்து சொல்கிறவரைத்தான் எந்த முதலாளியும் தேடுகிறார். விற்பனைப் பிரிவு வேலையாக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இனி விதிக்கு வருகிறேன், ஏனென்றால் திருத்தத்திலேயே இன்னொரு பிழை இருந்தால் கதை முடிந்தது. நீங்கள் சொன்ன 180 நாள் ஜி.எஸ்.டி.யில் இருக்கும் கணக்குதான், ஆனால் வேறு இடத்தில். சரக்கு கொடுத்தவருக்கு விலைச்சீட்டு நாளிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்கிறது பிரிவு 16. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் பொருளுக்கு உரியது பிரிவு 143. மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது பட்டறையிலிருந்தே விற்கப்பட வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்றாண்டு. கெடு தாண்டினால் நடப்பதும் நீங்கள் சொன்னதல்ல. உள்ளீட்டு வரியைத் திருப்பச் சொல்வதில்லை. பொருள் பட்டறைக்கு அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகக் கருதி, அந்த நாள் முதல் வட்டியோடு வரி கேட்பார்கள். ஆக உங்கள் பதிலில் கெடு, விளைவு இரண்டுமே தவறு. பலர் கெடுவை மட்டும் திருத்திவிட்டு விளைவை விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால், அவசரத்தில் இணையத்தில் தேடிப் போட்டது என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும்.

அதே சமயம், தெரிந்ததையெல்லாம் கொட்டவும் கூடாது. ஜாப் ஒர்க் விவரத்தை ஐ.டி.சி-04 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையும் மின்னஞ்சலில் சேர்க்கலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அது அரையாண்டுக்கு ஒரு முறை, இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை. அவர்களுடைய விற்றுமுதல் உங்களுக்குத் தெரியாது. தெரியாத நிறுவனத்துக்கு “அரையாண்டுத் தாக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதினால் புதிய பிழை ஒன்று பிறக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது பாட நூலை ஒப்பிப்பது போலவும் ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது விதி அல்ல, அந்தச் சாயப்பட்டறைதான். தவறான பதிலைவிட, சொல்லாமல் விட்ட அந்த அனுபவம்தான் உங்களுக்குப் பெரிய நட்டம். சாயப்பட்டறைக்கு நூல் அனுப்பி வாங்குவதும் ஜாப் ஒர்க்தான். எடை போட்டு அனுப்புகிறீர்கள், சாயம் ஏறி வரும்போது எடை மாறி வருகிறது, வித்தியாசத்துக்குக் கணக்கு எழுதுகிறீர்கள். வெள்ளி போய்க் கொலுசாக வருவதும் இதே வேலை. கிலோவுக்குப் பதில் கிராமில் பார்க்க வேண்டும், நூலைவிடப் பல மடங்கு விலை, சேதாரத்துக்குப் பேசிவைத்த அளவு உண்டு, அந்த வித்தியாசங்கள்தான். நீங்கள் ஏன் கெடுவைத் தடுமாறினீர்கள் என்பதற்கும் விடை அதில்தான் இருக்கிறது. நூல் சில நாளில் திரும்பி வந்துவிடும். ஓராண்டுக் கெடுவை நெருங்கிய சரக்கே உங்கள் கையில் வந்திருக்காது.

ஆகவே திருத்தத்தைத் தனிப் பத்தியாகவும், பொருத்தத்தைத் தனிப் பத்தியாகவும் எழுத வேண்டிய தேவையே இல்லை. இரண்டும் ஒரே பத்தியில் வரட்டும். பதிலைத் திருத்திய கையோடு, அதே வேலையை நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்லுங்கள். பொதுவாக நன்றி மின்னஞ்சல்களில் பொருத்தம் என்ற பெயரில் வருவது “கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன், வேகமாகக் கற்றுக்கொள்வேன்” என்ற வரிகள். அவற்றை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம் என்பதாலேயே யாரும் படிப்பதில்லை.

நான் வழக்கமாகப் பார்க்கும் மின்னஞ்சல் இப்படித்தான் தொடங்கும்: “தங்களின் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு மனமார்ந்த நன்றி. நேற்று பதற்றத்தில் ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லிவிட்டேன். அதற்காக மிகவும் வருந்துகிறேன். தயவுசெய்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எனக்கு ஒரு வாய்ப்புத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் தவறு எது என்று சொல்லவில்லை, சரி எது என்றும் சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் மூன்று வரிக்கு இருக்கிறது. படிப்பவருக்கு நினைவில் நிற்பது பதற்றம் என்ற சொல் ஒன்றுதான். ஒரு வேண்டுகோளும் சேர்ந்துவிட்டதால், அவர் அதற்குப் பதில் எழுதவும் தயங்குவார்.

உங்களுக்கு அனுப்பிய வரைவு இது. மேலாளர் பெயரில் போக வேண்டியது.

“பொருள்: கணக்காளர் பணி நேர்காணல் – நன்றி

மதிப்புக்குரிய ஐயா,

நேற்று என்னை நேரில் அழைத்துப் பேசியதற்கு நன்றி. வெள்ளி எந்தெந்தப் பட்டறையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தினமும் மாலையில் சரிபார்ப்பதாக நீங்கள் விளக்கியது, இந்தப் பணியில் எது முக்கியம் என்பதை எனக்குத் தெளிவாக்கியது.

ஜாப் ஒர்க் கெடு பற்றிய கேள்விக்கு 180 நாள் என்று சொன்னேன், அது சரியல்ல. பிரிவு 143-இன்படி மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரியும் வட்டியும் வரும். சப்ளையருக்குப் பணம் கொடுக்க வேண்டிய 180 நாள் கெடுவோடு அதைக் குழப்பிக்கொண்டேன். தற்போதைய வேலையில் சாயப்பட்டறைக்குப் போகும் நூலுக்குச் சலான் வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறேன்: அனுப்பிய எடை, வந்த எடை, கழிவு, பட்டறையில் நிற்கும் இருப்பு. நூல் விரைவில் திரும்பிவிடுவதால் ஓராண்டுக் கெடுவைக் கவனிக்க வேண்டி வந்ததில்லை. வெள்ளிக் கணக்கில் ஒவ்வொரு சலானுக்கும் அனுப்பிய தேதியிலிருந்து நாளை எண்ணி, பத்து மாதம் ஆனவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு உங்களிடம் தருவேன்.

வேறு விவரம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

நன்றி,
(பெயர், கைபேசி எண்)”

தலைப்பில் ‘திருத்தம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்த மின்னஞ்சலை முதலில் திறப்பவர் அலுவலக உதவியாளராக இருக்கலாம். ஆளைப் பார்க்காதவர் கண்ணில் முதலில் படுவது பிழையாக இருக்க வேண்டாம். முதல் பத்தியில் அன்றைய பேச்சிலிருந்து ஒரு செய்தி இருக்கிறது. அன்று உங்களிடம் மேலாளர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. தினமும் மாலையில் சரிபார்ப்பது என்பது நான் இட்டு நிரப்பியது. அதை எடுத்துவிட்டு, அவர் உண்மையிலேயே சொன்ன ஒன்றைப் போடுங்கள் என்று அப்போதே எழுதியிருந்தேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதினால், நீங்கள் எங்கோ கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பிரதி எடுத்ததாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் பத்தியின் முதல் வரியைப் பாருங்கள். பிழை, அரை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அடுத்த வரியே சரியான பதில். குழப்பம் எங்கிருந்து வந்தது என்ற வரி தேவையா என்று யோசித்தேன். வைத்துக்கொண்டதற்குக் காரணம், 180 நாள் விதி உங்களுக்குத் தெரியும் என்பதை அது சொல்கிறது. பதற்றம், உடல்நிலை, பஸ் தாமதம் போன்ற காரணமாக இருந்திருந்தால் வெட்டியிருப்பேன்.

‘ஓராண்டுக் கெடுவைக் கவனிக்க வேண்டி வந்ததில்லை’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று பதிலில் கேட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டாம். அது இல்லாவிட்டால், மூன்று வருடம் ஜாப் ஒர்க் பார்த்தவருக்கு இது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி மேலாளர் மனதில் எழும். கேள்வி எழுவதற்கு முன்பே விடை அங்கே இருக்கட்டும். அதற்கடுத்த பத்து மாதப் பட்டியல்தான் இந்த மின்னஞ்சலிலேயே எனக்குப் பிடித்த இடம். விதியை யார் வேண்டுமானாலும் புத்தகத்தில் பார்த்து எழுதலாம். கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பட்டியல் கைக்கு வந்தால், பட்டறைக்கு ஆள் அனுப்பி வெள்ளியை வரவழைக்க நேரம் இருக்கும் என்பது வேலை பார்த்தவருக்குத்தான் தோன்றும். உங்களுக்கு வேறு முறை சரி என்று பட்டால் அதை எழுதுங்கள். செய்ய முடியாததை மட்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் சேர்ந்த முதல் மாதமே அதைக் கேட்பார்கள்.

தற்போதைய நிறுவனத்தின் பெயர், சாயப்பட்டறைகளின் பெயர், எவ்வளவு நூல் போகிறது என்ற அளவு எதுவும் வரைவில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே கசிய விடுகிறவர் நாளை அங்கேயும் கசிய விடுவார் என்று உரிமையாளர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதே காரணத்துக்காக, அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து இதை அனுப்பவே கூடாது.

மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நேர்காணல் தமிழில் நடந்தது, பிழையான பதிலையும் தமிழில்தான் சொன்னீர்கள், ஆகவே தமிழில் எழுதுங்கள். அழைப்புக் கடிதமே ஆங்கிலத்தில் வந்திருந்தால் இதே வரிகளை எளிய ஆங்கிலத்தில் எழுதலாம். புதிதாக அலங்காரம் எதுவும் சேர்க்க வேண்டாம். எந்த மொழியானாலும் மின்னஞ்சலின் உள்ளேயே எழுதுங்கள். தனிக் கோப்பாக இணைத்தால் பாதிப் பேர் திறக்கமாட்டார்கள்.

உரிமையாளருக்கு இதே மின்னஞ்சலைப் பிரதியாக அனுப்பாதீர்கள். விதி பற்றிய கேள்வியைக் கேட்டது மேலாளர். உரிமையாளர் அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம், அவரிடம் பிழையைப் புதிதாக எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. அவருக்கு இரண்டே வரி போதும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பட்டறைகளுக்குப் போய் வரும் சரக்கின் எடைக் கணக்கில் மூன்று வருட அனுபவம் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் பல முதலாளிகள் மின்னஞ்சலைத் தாமாகத் திறந்து பார்ப்பதில்லை. நேர்காணலுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்திருந்தால், அந்த இரண்டு வரியை அதே எண்ணுக்கு அனுப்பலாம். நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த எண்ணுக்கு வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தோன்றியது. “ஏற்காட்டிலிருந்தா வருகிறீர்கள்?” என்று உரிமையாளர் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாரா? கேட்டிருந்தால் அவர் கவலை நியாயமானது. மாதா மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி வரித் தாக்கல். அதற்கு முந்தைய நாட்களில் கணக்கர்கள் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டியவர் அந்த நாட்களில் என்ன செய்வார் என்று அவர் யோசிப்பார். சேலத்தில் தங்க உறவினர் வீடு இருக்கிறது என்பது போல உறுதியான ஏற்பாடு இருந்தால், உரிமையாளருக்கு எழுதும் வரியோடு அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். உறுதியில்லை என்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

எல்லாப் பிழையையும் இப்படித் திருத்த முடியாது. நேர்காணலிலேயே மேலாளர் “ஓராண்டு அல்லவா?” என்று திருத்தியிருந்தால், மறுநாள் அதையே திருப்பி எழுதுவதில் பயனில்லை, சாயப்பட்டறை அனுபவத்தை மட்டும் எழுதச் சொல்லியிருப்பேன். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டோம், பழைய வேலையைப் பற்றிக் கசப்பாகப் பேசிவிட்டோம் போன்றவற்றையும் நன்றி மின்னஞ்சலில் கிளறக் கூடாது, எழுத எழுத அவை பெரிதாகும். இரண்டு மூன்று பதில்கள் சொதப்பியிருந்தால் வேலைக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றையும் திருத்தினால் மதிப்பெண் குறைந்த விடைத்தாளை மறுகூட்டலுக்கு அனுப்பியதுபோல இருக்கும்.

இந்த மின்னஞ்சலால் என்ன நடக்கும் என்பதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். வேறொருவர் தெளிவாக முந்தியிருந்தால் இது அவரைப் பின்னுக்குத் தள்ளாது. உங்களையும் இன்னொருவரையும் வைத்துக்கொண்டு அவர்கள் தயங்கிக்கொண்டிருந்தால்தான் இதற்கு வேலை. பெரும்பாலும் பதில் வராது. வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு சொல்வதாகச் சொன்ன வாரம் கடந்து இரண்டு நாள் ஆன பிறகு, முடிவு எப்போது தெரியும் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அதில் ஜாப் ஒர்க் பற்றி மறுபடி எழுத வேண்டாம்.

மாறாக, மேலாளர் தொலைபேசியில் அழைத்துவிட்டால் இரண்டு கேள்விகளை எதிர்பார்க்கலாம். ஒன்று, பட்டறையிலிருந்து குறைந்து வந்த எடையை எப்படி எழுதுவீர்கள் என்பது. பத்து கிலோ வெள்ளி போய், கொலுசாக ஒன்பது கிலோ எழுநூறு கிராமும் துண்டும் தூளுமாக இருநூறு கிராமும் வந்தால், மீதி நூறு கிராம் பேசிவைத்த சேதாரத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் அந்தச் சலானை முடிக்காமல், மிச்சத்தைப் பட்டறைக்காரர் பெயரில் இருப்பாகவே காட்ட வேண்டும். மற்றொன்று, கெடு நெருங்கும் வெள்ளி உண்மையிலேயே வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பது. காரணம் காட்டி ஆணையரிடம் கேட்டால் மேலும் ஓராண்டு வரை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். பட்டறைக்கு நேரில் போய் இருப்பை எடை போட்டுப் பார்ப்பேன் என்று தொடங்குங்கள்.